விடுதிச் சமையலறைக் கணக்கின் 316 ரூபா: நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விடுதி நிர்வாக சபையினருக்கும், விடுதிச் செலவில் பெரும்பங்கைத் தாங்கிவரும் பழைய மாணவர் சங்கத்தினருக்கும்,

வணக்கம்.

யூன் மாதச் சமையலறைக் கணக்கு விடுதியின் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் கடைசி வரியில், ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு 316 ரூபா செலவாகிறது என்று எழுதப்பட்டு, அடியில் சிவப்பு மையால் கோடும் இடப்பட்டிருக்கிறது. அந்தத் தொகையை வைத்துத்தான் நாளொன்றுக்கு 320 ரூபா என்று கட்டணம் நிர்ணயித்தீர்கள். அதில் 120 ரூபாவைப் பெற்றோரும் 200 ரூபாவைச் சங்கத்தினரும், பிள்ளை விடுதியில் தங்கிய நாட்களுக்கு மட்டும் செலுத்துகிறார்கள். கணக்கின்படி தலைக்கு நான்கு ரூபா மிஞ்சியிருக்க வேண்டிய இடத்தில் மாதாமாதம் கடன் ஏறுகிறது. ஏறுவதற்குக் காரணம் சமையலறையில் பொருள் களவு போவதுதான் என்று சிலரும், பிள்ளைகள் தொகை அதிகம் என்று வேறு சிலரும் கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். முடிவில், அடுத்த தவணையிலிருந்து 64 பிள்ளைகளை 52 ஆகக் குறைப்பது என்று தீர்மானம் எடுக்கப்பட்டிருக்கிறது.

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் 31 வருடங்கள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். விடுதிப் பொறுப்பாசிரியை கேட்டுக்கொண்டதால், யூன் மாதப் பற்றுச்சீட்டுகளையும் வரவு இடாப்பையும் களஞ்சியக் கொப்பியையும் இரண்டு கிழமைகள் வைத்திருந்து பார்த்தேன். யாருடைய நேர்மையிலும் எனக்குச் சந்தேகம் எழவில்லை. பொருளாளர் எழுதிய ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு இருக்கிறது. ஆனால் 316 ரூபா என்ற விடை பிழை. சரியான விடை 506 ரூபா. இடைவெளி 190 ரூபா எங்கே ஒளிந்திருந்தது என்பதைப் பெற்றோரும் சங்கத்தினரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பதாலேயே இதைத் தனிக்கடிதமாக எழுதாமல் திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதலில் சபையின் கணக்கை அப்படியே சொல்லிவிடுகிறேன். மாதத்தில் வாங்கிய பலசரக்கு, மரக்கறி, மீன் எல்லாம் சேர்ந்து 471,300 ரூபா. காஸ் சிலிண்டர் நான்குக்கு, கொண்டுவந்து இறக்கிய கூலியுடன், 15,600 ரூபா. சமையலாளர் இருவருக்கும் உதவியாளர் ஒருவருக்கும் சம்பளம் 120,000 ரூபா. மொத்தம் 606,900 ரூபா. இதை 64 பிள்ளைகள், 30 நாட்கள் என்று பெருக்கி வந்த 1,920 ஆல் வகுத்திருக்கிறீர்கள்.

பிழை தொடங்குவது இந்த 1,920 இல்தான். இடாப்பில் 64 பெயர்கள் இருப்பது உண்மை. ஆனால் துணுக்காய்ப் பக்கத்துப் பிள்ளைகளும் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளைகளும் வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். ஞாயிறு மாலை அல்லது திங்கள் காலையில் திரும்புகிறார்கள். நெடுங்கேணிக்கு அப்பால் உள்ளவர்கள் பஸ் வசதியைப் பார்த்து இரண்டு கிழமைக்கு ஒருதடவை போகிறார்கள். காய்ச்சல்காரர், வீட்டில் நன்மை தின்மைக்கு நின்றுவிட்டவர் வேறு. யூன் மாதத்தில் பாடசாலை நடந்த 20 நாட்களில் சராசரியாக 61 பேரும், மற்ற 10 நாட்களில் சராசரியாக 31 பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள். முதலாவதில் 1,220, இரண்டாவதில் 310. ஆக 1,530 சாப்பாட்டு நாட்கள்.

சாப்பாட்டு நாள் என்பதை எப்படி எண்ணினேன் என்றும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போகும் பிள்ளையை முழு நாளாக எண்ணினாலும் பிழை, விட்டாலும் பிழை. அதனால் ஒரு நாளைப் பத்துப் பங்காக வைத்து, காலைக்கு மூன்று, மதியத்துக்கு நான்கு, இரவுக்கு மூன்று என்று பிரித்தேன். மதியத்தில் சோறும் மூன்று கறியும் இருப்பதால் அதற்கு ஒரு பங்கு கூட. வேறு விகிதம் வைக்க விரும்பினால் வையுங்கள், விடை அதிகம் மாறாது. மாதத்துக்கு மாதம் விகிதத்தை மாற்றாமல் இருந்தால் போதும்.

இந்த வகுஎண் ஒன்றைத் திருத்தினாலே 606,900 ஐ 1,530 ஆல் வகுத்து 397 ரூபா வருகிறது. 190 ரூபா இடைவெளியில் ஏறக்குறைய 81 ரூபா இங்கேயே போய்விட்டது. இதில் எனக்கு வியப்பளித்த விடயம், வரவுப் பக்கத்தில் நீங்கள் சரியான எண்ணைத்தான் வைத்திருக்கிறீர்கள் என்பது. சங்கத்தினருக்கு அனுப்பிய கோரிக்கையில் தங்கிய நாட்கள் 1,530 என்றே இருக்கிறது. செலவை 1,920 ஆல் வகுத்து, வரவை 1,530 ஆல் பெருக்கினால் கடன் வராமல் வேறென்ன வரும்? உங்கள் தாளில் உள்ள செலவு 606,900 ரூபா. 320 ரூபா வீதம் 1,530 நாட்களுக்கு வந்திருக்கக்கூடிய பணம் 489,600 ரூபா. இன்னும் ஒரு செலவைக்கூட நான் சேர்க்காத நிலையிலேயே 117,300 ரூபா துண்டு விழுகிறது. களஞ்சியத்துக்கு மூன்று பூட்டுப் போட்டாலும் இந்தத் துண்டு விழத்தான் செய்யும்.

அடுத்தது பலசரக்கு. சபை எழுதியிருப்பது அந்த மாதத்தில் வாங்கியது; நமக்கு வேண்டியது அந்த மாதத்தில் அடுப்பேறியது. இரண்டும் ஒன்றாக இருக்கும் மாதம் அருமையாகத்தான் வரும். இதற்கு மார்ச் மாதம் நல்ல சாட்சி. காலபோக அறுவடை முடிந்து நெல் மலிந்திருந்த நேரத்தில், நல்ல யோசனையாக, 20 மூடை அரிசியை நீங்கள் மொத்தமாக வாங்கி வைத்தீர்கள். மூடை 50 கிலோ, கிலோ 205 ரூபா, ஆக 205,000 ரூபா. அந்த முழுத் தொகையும் மார்ச் மாதச் செலவாகவே எழுதப்பட்டதால், 31 நாட்களுக்குரிய 1,984 ஆல் வகுத்தபோதும் அரிசி மூடைகள் மட்டும் தலைக்கு 103 ரூபாவாக ஏறின. அன்றைய கூட்டத்தில் சமையலறைச் செலவு கைமீறிப் போகிறது என்று குறிப்பு எழுதப்பட்டது. பிறகு ஏப்ரலிலும் மே மாதத்திலும் அதே அரிசியைச் சாப்பிட்டுக்கொண்டு, செலவு குறைந்துவிட்டது என்று சமையலாளரைப் பாராட்டிக் குறிப்பு எழுதப்பட்டது. ஏச்சு வாங்கிய மாதத்திலும் பாராட்டு வாங்கிய மாதத்திலும் அந்த அம்மா ஒரே சுண்டால்தான் அரிசி அளந்திருக்கிறார்.

ஆகவே கணக்கு இப்படி அமைய வேண்டும்: மாதத் தொடக்கத்தில் இருந்த இருப்பு, அதனுடன் வாங்கியது, அதனுடன் அன்பளிப்பாக வந்தது, இவற்றிலிருந்து மாத முடிவில் எஞ்சிய இருப்பைக் கழித்தது. யூன் முதலாம் திகதி களஞ்சியத்தில் 86,400 ரூபா பெறுமதியான பொருட்கள் இருந்தன. வாங்கியது 471,300. மாத முடிவில் நானும் பொறுப்பாசிரியையும் எண்ணியபோது இருந்தது 58,200. இருப்பைப் பற்றுச்சீட்டில் உள்ள விலைக்கே மதிப்பிட்டோம். சந்தையில் இன்றைக்கு என்ன விலை என்று தேடப் போகவில்லை.

அன்பளிப்பு என்பதை ஏன் சேர்க்கிறேன் என்று சங்கத்தினர் கேட்கக்கூடும். யூன் மாதத்தில் அயலூர் விவசாயி ஒருவர் தகப்பனாரின் நினைவுநாளுக்கு மூன்று மூடை அரிசி தந்தார். 150 கிலோ, கிலோ 230 ரூபா என்று வைத்தால் 34,500 ரூபா. காசு கொடுக்கவில்லை என்பதற்காக அதைக் கணக்கில் விட்டுவிட்டால், ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கு உண்மையில் எவ்வளவு பொருள் வேண்டும் என்பது மறைந்துபோகும். அடுத்த மாதம் எவரும் அரிசி தராதபோது செலவு திடீரென்று கூடியதுபோலத் தோன்றும். செலவுப் பக்கத்தில் 34,500 என்று எழுதி, வரவுப் பக்கத்திலும் அதே தொகையை அன்பளிப்பு என்று அவருடைய பெயருடன் எழுதுவதே முறை. தந்தவருக்கும் அதுதான் மரியாதை.

இவற்றைக் கூட்டிக் கழித்தால் யூன் மாதத்தில் அடுப்பேறிய பலசரக்கு 534,000 ரூபா. 1,530 ஆல் வகுக்க 349 ரூபா.

இந்த இடத்தில் களவுப் பேச்சையும் தீர்த்துவிட விரும்புகிறேன். அரிசியை நிறையாகப் பார்த்தால் போதும். தொடக்கத்தில் 180 கிலோ, வாங்கியது 300, அன்பளிப்பு 150, எஞ்சியது 110. சமைத்தது 520 கிலோ. சாப்பிட்டவர்கள் பிள்ளைகள் மட்டுமல்லர். சமையலறையில் மூவர், பொறுப்பாசிரியை, காவலாளி என ஐந்து பேரும் அதே பானையில்தான் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு 150 நாட்கள். ஆக 1,680 பேர்-நாட்களுக்கு 520 கிலோ. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 310 கிராம்.

இது கூடவா குறைவா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், ஒரு நாள் விடிய நாலரை மணிக்குத் தராசுடன் சமையலறைக்குப் போனேன். அந்த அம்மா பயன்படுத்துவது விளிம்பு சற்று நெளிந்த பழைய பால்பேணி. தலைதட்டி அளந்தால் 235 கிராம் நின்றது. குவித்து அளந்தால் 270 கிராம். "மூண்டு பேருக்கு ரெண்டு சுண்டு ஐயா, தலைதட்டித்தான் போடுறனான்" என்றார். அப்படியானால் ஒருவருக்கு ஒரு நேரத்துக்கு 157 கிராம். மதியமும் இரவும் சேர்ந்து 314 கிராம். கொப்பியில் வந்தது 310. நான்கு கிராம் வித்தியாசத்தில் யார் வீட்டுக்கு யார் அரிசி கொண்டு போயிருக்க முடியும்? அவர் குவித்து அளந்திருந்தால் 360 கிராம் வந்திருக்கும். மூடை களவு போயிருந்தால் இன்னும் கூட வந்திருக்கும். தேங்காய்க்கும் எண்ணெய்க்கும் இதே சோதனையை மாதம் ஒருதடவை செய்யலாம். மரக்கறிக்கும் மீனுக்கும் இது சரிவராது, ஏனென்றால் அவற்றில் கழிவு நாளுக்கு நாள் மாறும்.

எரிபொருளுக்கு வருகிறேன். சபையின் தாளில் விறகு என்ற சொல்லே இல்லை. யூனில் விறகு வாங்கவில்லை என்பது உண்மைதான். மே மாதத்தில் வாங்கிக் கொட்டிலில் அடுக்கியதை எரித்துக்கொண்டிருந்தோம். சோறும் பருப்பும் பெரிய பானைகளில் விறகடுப்பிலும், காலை இடியப்பமும் தேநீரும் பொரியலும் காஸிலும் ஆகின்றன. விறகை நிறுத்துப் பார்க்க எவராலும் முடியாது, தேவையுமில்லை. அடுக்கை ஒரே உயரத்தில் அடுக்கி, ஓர் உழவு இயந்திரப் பெட்டி விறகு எத்தனை அடி நீளத்துக்கு வருகிறது என்று முதலில் அளந்து, கொட்டில் மரத்தில் கரிக்கோடு இட்டால் போதும். மாத முடிவில் கோட்டைப் பார்த்தால் எவ்வளவு எரிந்தது என்று தெரியும். யூனில் எரிந்தது இரண்டு பெட்டி. பெட்டி 14,500 ரூபா என்று வாங்கியதால் 29,000 ரூபா. காஸுக்கு இன்னும் இலகு: வெற்றுச் சிலிண்டரின் நிறை அதன் கழுத்துப் பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பாவனையில் உள்ள சிலிண்டரை நிறுத்து அதைக் கழித்தால் 12.5 கிலோவில் எஞ்சியது எவ்வளவு என்று வந்துவிடும். யூனில் தொடக்கமும் முடிவும் ஏறக்குறையச் சமமாக இருந்ததால் 15,600 ரூபாவை மாற்றவில்லை. இரண்டும் சேர்ந்து 44,600 ரூபா, தலைக்கு 29 ரூபா.

இந்த 29 ரூபாவை வருடம் முழுவதற்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒக்டோபரில் மழை பிடித்துவிட்டால், நனைந்த விறகின் சூட்டில் ஒரு பங்கு அதன் ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். விறகின் வெட்டுமுகத்தில் நுரை தள்ளி, சீறிக்கொண்டு, பானையைவிடக் கூரைதான் அதிகம் கறுக்கும். அப்போது சமையலாளர் நேரத்துக்குச் சோறு இறக்குவதற்காகக் காஸுக்கு மாறுவார். மாறாவிட்டால் பிள்ளைகள் பாடசாலைக்குப் பிந்துவார்கள். கடந்த நவம்பரில் சிலிண்டர் கணக்கு ஏன் ஏறியது என்று விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தீர்கள். கொட்டிலின் மேற்குப் பக்கம் தகரம் கழன்று கிடப்பதுதான் அந்தக் கடிதத்துக்கு விளக்கம்.

சம்பளத்தில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். தலைமைச் சமையலாளருக்கு 48,000, அடுத்தவருக்கு 40,000, உதவியாளருக்கு 32,000 ரூபா. அவர்கள் கைக்குப் போவதற்கு மேலாக, தொழில்தருநர் என்ற முறையில் சபை ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3 செலுத்த வேண்டும். 120,000 ரூபாவில் அது 18,000. இந்தப் பணத்தை நீங்கள் ஒழுங்காகக் கட்டுகிறீர்கள். ஆனால் அது அலுவலகச் செலவு என்ற தலைப்பில் எழுதப்பட்டிருப்பதால் சமையலறைக் கணக்கில் தெரிவதில்லை. சமையலாளர் லீவு எடுக்கும் நாட்களில் பதிலுக்கு வருபவரின் நாட்கூலி சராசரியாக மாதம் 6,000. ஆக மாதத்துக்கு 144,000 ரூபா.

இதை யூன் மாதத்தின் 1,530 ஆல் வகுத்தால் 94 ரூபா வரும். அதுவும் போதாது. ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகளில் விடுதி வெறுமையாகக் கிடக்கிறது. பலசரக்கு வாங்குவதில்லை, விறகு எரிவதில்லை, ஆனால் சம்பளம் கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தவணை தொடங்கும்போது சமைக்க ஆள் இராது. பிள்ளைகள் இல்லாத நாட்களின் சம்பளத்தையும் பிள்ளைகள் இருக்கும் நாட்களே சுமக்க வேண்டும். வருடத்துக்குச் சம்பளம் 1,728,000 ரூபா. கடந்த வருட இடாப்பின்படி வருடத்தின் சாப்பாட்டு நாட்கள் 13,500. வகுத்தால் 128 ரூபா. இதையே ஒவ்வொரு மாதக் கணக்கிலும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஓகஸ்ட் வந்ததும் சங்கத்தினரிடம் அவசர உதவி கேட்டுத் தந்தி அடிப்பதுபோல் மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருக்கும்.

பலசரக்கு 349, எரிபொருள் 29, சம்பளம் 128. மொத்தம் 506 ரூபா.

இனி, 52 என்ற தீர்மானத்தை இந்தக் கணக்கின்மேல் வைத்துப் பாருங்கள். 12 பிள்ளைகளைக் குறைத்தால் வருடத்தில் ஏறக்குறைய 2,531 சாப்பாட்டு நாட்கள் குறையும். அவர்களுக்காகப் பானையில் போடாமல் விடுவது எவ்வளவு? தலைக்கு 349 என்று சொன்னேன், ஆனால் அதற்குள் ஊழியர் ஐவரின் சாப்பாடும் இருக்கிறது. பிள்ளைகள் குறைந்தாலும் அவர்கள் சாப்பிடத்தான் செய்வார்கள். 534,000 ஐச் சாப்பிட்ட எல்லோருக்குமான 1,680 ஆல் வகுத்தால், ஒரு வாய்க்கு 318 ரூபா. ஆகவே 2,531 நாட்களில் மிஞ்சுவது ஏறக்குறைய 805,000 ரூபா. அதே நாட்களுக்கு 320 வீதம் வராமல் போகும் கட்டணம் ஏறக்குறைய 810,000 ரூபா. விறகில் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். கடன் இருந்த இடத்திலேயே இருக்கும், அதைச் சுமக்க 64 பேருக்குப் பதிலாக 52 பேர் இருப்பார்கள். சம்பளத்தின் பங்கு 128 இலிருந்து 158 ரூபாவாக ஏறும், ஏனென்றால் 52 பேருக்கும் அதே மூவர்தான் சமைக்க வேண்டும். உதவியாளரை நிறுத்தலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். காலையில் 60 பேருக்கு இடியப்பம் பிழிவதற்கு எத்தனை கை வேண்டும் என்பதை அவர் ஒரு நாள் வந்து பார்க்கட்டும். சம்பளத்தைக் குறைப்போம் என்றால், 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. உதவியாளர் அதற்கு 2,000 ரூபா மேலேதான் நிற்கிறார்.

சபையின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 320 ரூபாக் கட்டணத்தில் புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்த்தால் அந்தப் பிள்ளை தன் சாப்பாட்டுக்குத்தான் பணம் கொண்டு வருகிறது, சம்பளத்துக்கு ஒரு சதமும் கொண்டு வருவதில்லை. ஆகவே பிள்ளைகளைக் கூட்டுவதாலும் கடன் தீராது. பிழை பிள்ளைகளின் தொகையில் இல்லாதபோது அந்தத் தொகையை எந்தப் பக்கம் நகர்த்தியும் பயனில்லை.

சமையலறையில் உண்மையாகவே மிச்சம் பிடிக்கக்கூடியது ஒன்றைக் கண்டேன், அதையும் மறைக்கவில்லை. நான் நின்ற வெள்ளிக்கிழமை இரவு 45 பேருக்குச் சமைத்திருந்தார்கள், சாப்பிட்டவர்கள் 27 பேர். ஒரு பகுதி மறுநாள் பழஞ்சோறானது, மீதி அயல்வீட்டு மாட்டுக்குப் போனது. "ஆர் போறது, ஆர் நிக்கிறது எண்டு எனக்கு ஆரும் சொல்லுறேல்லை ஐயா, பிள்ளையள் பசியோட படுத்தால் நான்தானே பழி" என்றார் அந்த அம்மா. 18 பேரின் அரிசி மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏறக்குறைய 650 ரூபா. கறியுடன் சேர்த்து, நான்கு வெள்ளிக்கிழமைகளுக்கும் பார்த்தாலும் 5,000 ரூபாவைச் சுற்றித்தான் நிற்கும், தலைக்கு மூன்று ரூபா. சமையலறைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, வெள்ளி மதியம் மூன்று மணிக்கு முன் நிற்பவர் தொகையைப் பொறுப்பாசிரியை எழுதினால் இது தீரும். மூன்று ரூபாவும் பணம்தான். ஆனால் 190 ரூபாவைத் தேடுகிறவர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது.

சபையிடமும் சங்கத்தினரிடமும் நான் கேட்பது, சம்பளத்தை நாட்கட்டணத்திலிருந்து பிரித்துவிடுங்கள் என்பதே. சம்பளம் பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் மாறாத செலவு. அதைப் பிள்ளை தங்கிய நாட்களோடு கட்டி வைத்திருப்பதால்தான் லீவு கூடிய மாதத்தில் எல்லாம் ஆட்டம் காண்கிறது. சங்கத்தினர் மாதம் 144,000 ரூபாவைச் சமையலாளர் சம்பளத்துக்கென்று பன்னிரண்டு மாதமும் தனியாக அனுப்பினால், நாட்கட்டணம் பலசரக்கையும் எரிபொருளையும் மட்டும் தாங்கினால் போதும். அது 378 ரூபா. 380 என்று வைக்கலாம். பெற்றோரின் 120 ரூபாவைக் கூட்ட வேண்டாம் என்று பணிவாகக் கேட்கிறேன். மீதி 260 ரூபாவைச் சங்கம் ஏற்றால், இன்று தருவதைவிட அவர்களுக்குக் கூடத்தான் வரும். அதை மறைத்து எழுதுவது முறையல்ல. ஆனால் இன்றும் ஓகஸ்டிலும் டிசெம்பரிலும் அவசர உதவி என்ற பெயரில் அந்தப் பணத்தில் பெரும்பகுதியை அவர்களே தருகிறார்கள். கட்டணத்தைத் தவணைக்கு ஒருதடவை மீள்பார்வை செய்ய வேண்டும். முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மீனின் விலை யூன் மாதத்து விலையாக இராது.

52 என்ற தீர்மானத்தை அடுத்த கூட்டம் வரையாவது நிறுத்தி வையுங்கள். இந்த மாதம் 31 ஆம் திகதி இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு, எட்டரை மணிக்கு, களஞ்சிய இருப்பை மறுபடி எண்ண இருக்கிறோம். பொருளாளரும் சங்கத்தின் உள்ளூர்ப் பிரதிநிதியும் கட்டாயம் வர வேண்டும். தராசை நான் கொண்டு வருகிறேன். களஞ்சியத்தின் மின்குமிழ் எரிவதில்லை என்பதால் ஆளுக்கொரு டோர்ச் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
விடுதிக் கணக்கைப் பார்த்து வரும் ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கணக்காளர்